ஐந்தொகையில் ஏறாத கடன்

கம்பனியொன்றின் பங்கை வாங்க விரும்புவோர் அதன் ஆண்டறிக்கையில் முதலிற் பார்ப்பது இலாபத்தையும் பங்கிலாபத்தையுமேயாம். சற்று நிதானமுடையோர் ஐந்தொகையையும் புரட்டி, சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று நோக்குவர். பெரும்பாலோர் அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். ஆனால் ஐந்தொகையில் ஒரு சதமேனும் ஏறாத கடன்களும் உள. அவை அறிக்கையின் பிற்பகுதியிலே, சிற்றெழுத்தில் அச்சிட்ட குறிப்புகளுக்கிடையே, அரைப்பக்க அளவில் அடங்கிக் கிடக்கும். கம்பனிக்கெதிராக நிலுவையிலுள்ள வழக்குகள், வரித் தகராறுகள், பிறருடைய கடனுக்குக் கம்பனி கொடுத்த உத்தரவாதங்கள் ஆகியவற்றைக் கூறும் அக்குறிப்பை ‘நிகழத்தக்க பொறுப்புகள்’ என்பர். ஆங்கில அறிக்கைகளில் ‘கொன்டின்ஜன்ற் லயபிலிற்றீஸ்’ என்ற தலைப்பின்கீழ் அதனைக் காணலாம்.

ஓய்வுபெற்ற காலத்துக் கொடுப்பனவையோ, மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்த பணத்தையோ பங்குகளில் இடும் குடும்பத்திற்கு அந்த அரைப்பக்கம் அலட்சியஞ் செய்யத் தக்கதன்று. அதனை எவ்வாறு படிப்பது, படித்ததை எவ்வாறு தம் கையால் ஒரு சிறு சுருக்கமாக எழுதி வைத்துக்கொள்வது என்பதையே இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். உயர்தர வகுப்பிற் கணக்கீடு பயிலும் மாணவர்க்கும் இது பாடத்தோடு ஒட்டிய விடயமே.

மூன்று பெட்டிகள்

இலங்கையில் 2012ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதியிலிருந்து, சர்வதேச நியமங்களைத் தழுவிய கணக்கீட்டு நியமங்களே நடைமுறையில் உள்ளன. அவற்றுள் 37ஆம் இலக்க நியமம் இவ்விடயத்தை ஆள்கின்றது. அதன் சாரத்தை மூன்று பெட்டிகளாக மனத்திற் கொள்ளலாம்.

வழக்கில் தோற்றுப் பணங் கொடுக்க நேருவது, நேராமற் போவதைவிடக் கூடுதலாகச் சாத்தியம் என்று தோன்றி, தொகையையும் ஓரளவு நம்பத்தக்க விதமாக மதிப்பிட முடியுமாயின், கம்பனி அத்தொகையை இவ்வாண்டிலேயே நட்டமாகக் கழித்து, ஐந்தொகையில் ‘ஏற்பாடு’ என்ற பெயரிற் காட்டுதல் வேண்டும். இது முதலாம் பெட்டி. தோல்வி நேரலாம், நேராமலும் போகலாம், ஆனால் வெற்றியின் பக்கமே தராசு சற்றுத் தாழ்கின்றது எனின், ஐந்தொகையில் ஒன்றும் ஏறாது. குறிப்பில் மாத்திரம் விபரம் வரும். தோல்வி சாத்தியமென்றே தோன்றினும் தொகையை மதிப்பிடவே இயலாத அரிய சந்தர்ப்பமும் இங்கேயே சேரும். இது இரண்டாம் பெட்டி. தோல்விக்கான வாய்ப்பு மிகச் சிறிது எனின் குறிப்பிலுங்கூட அதனைச் சொல்ல வேண்டியதில்லை. இது மூன்றாம் பெட்டி.

இம்மூன்றனுள் ஒரு வழக்கை எந்தப் பெட்டியில் இடுவது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? கம்பனியின் பணிப்பாளர்களே. தம் சட்டத்தரணிகளின் ஆலோசனையைப் பெற்று அவர்கள் தீர்மானிக்கின்றனர். கணக்காய்வாளர் அத்தீர்மானம் நியாயமானதோ என்று சோதிக்கின்றார். ஆகவே இரண்டாம் பெட்டியிற் கிடக்கும் வழக்கு ‘ஆபத்தற்ற வழக்கு’ என்று பொருள்படாது. நூற்றுக்கு ஐந்து பங்கு தோல்வி வாய்ப்புடையதாகக் கருதப்படும் வழக்கும், நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு வாய்ப்புடையதாகக் கருதப்படும் வழக்கும் அங்கே அருகருகே ஒரே நடையில் எழுதப்பட்டிருத்தல் கூடும். அவ்விரண்டையும் வேறுபிரித்து அறிவதே வாசிப்பவரின் வேலை.

இந்தியத் தொலைத்தொடர்பு வழக்கு காட்டும் பாடம்

இரண்டாம் பெட்டியில் நெடுங்காலங் கிடந்த ஒரு வழக்கு ஒரே நாளில் முதலாம் பெட்டிக்குப் பாய்ந்தால் என்ன நேரும் என்பதற்கு, இந்தியத் தொலைத்தொடர்புக் கம்பனிகளின் அனுபவத்தைவிடத் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

1999ஆம் ஆண்டுக் கொள்கையின்படி, அங்குள்ள தொலைத்தொடர்புக் கம்பனிகள் நிலையான கட்டணத்துக்குப் பதிலாகத் தம் வருமானத்தில் ஒரு வீதத்தை உரிமக் கட்டணமாக அரசாங்கத்திற்குச் செலுத்த ஒப்புக்கொண்டன. எவ்வருமானத்தில் ஒரு வீதம் என்பதிலே பிணக்கு மூண்டது. தொலைபேசிச் சேவையால் வரும் வருமானம் மாத்திரமே கணக்கிற் சேரும் என்றன கம்பனிகள். வங்கி வட்டி, பங்கிலாபம், வாடகை போன்றவையும் சேரும் என்றது அரசாங்கம். ‘சீராக்கிய மொத்த வருமானம்’ என்ற ஒரு தொடரின் பொருள்பற்றிய இவ்வழக்கு பல்லாண்டுகள் நீடித்தது. 2015ஆம் ஆண்டில் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் பெரும்பாலும் கம்பனிகளுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அரசாங்கத்தின் பொருளே சரியென்று தீர்த்து, நிலுவையை மூன்று மாதத்துட் செலுத்துமாறு பணித்தது.

விளைவு யாது? வோடபோன் ஐடியாக் கம்பனி, 2019 செப்டெம்பரில் முடிவுற்ற காலாண்டுக்கு ஏறத்தாழ 50,922 கோடி இந்திய ரூபா நட்டம் அறிவித்தது. இந்தியக் கம்பனியொன்று அதுவரை ஒரு காலாண்டில் அறிவித்த நட்டங்களுள் அதுவே மிகப் பெரிது. அதே காலாண்டில் பாரதி எயார்டெல்லின் நட்டம் ஏறத்தாழ 23,045 கோடி ரூபா. ஒன்றைக் கவனியுங்கள்: தீர்ப்பு வந்தது ஒக்டோபரில், நட்டம் எழுதப்பட்டதோ செப்டெம்பர் மாதத்துடன் முடிந்த கணக்கில். கணக்கு முடிந்த திகதிக்குப் பின்னர், ஆயின் அறிக்கை கையொப்பமாகுமுன் வரும் தீர்ப்பு, முன்னரே இருந்த ஒரு கடப்பாட்டை உறுதிப்படுத்துமாயின் பழைய கணக்கையே திருத்துதல் வேண்டும் என்பது விதி. நமது நாட்டில் 10ஆம் இலக்க நியமமும் அவ்வாறே கூறுகின்றது.

இவ்வழக்கு எவர்க்கும் இரகசியமாக இருந்ததன்று. கம்பனிகளின் குறிப்புகளிலே இடம்பெற்று வந்ததே. ஆயினும் அதனைப் படித்தவர்களுள் பலர் அதன் முழுக் கனத்தை உணரவில்லை. அதற்குரிய காரணம் ஒரு கணக்கிலே தெளிவாகின்றது. தொலைத்தொடர்புத் திணைக்களம் நீதிமன்றத்திற் கூறிய நிலுவை ஏறத்தாழ 92,640 கோடி ரூபா. அதில் உண்மையான பிணக்குத் தொகை 23,189 கோடி. வட்டி 41,650 கோடி. தண்டம் 10,923 கோடி. அத்தண்டத்தின்மீது வட்டி 16,878 கோடி. அதாவது, முதல் நாலிலொன்று. ஏனைய முக்காற் பங்கும் காலம் ஈன்ற குட்டிகள். வழக்கு நீளுந்தோறும் கம்பனி பணத்தைச் செலுத்தாமற் காலங்கடத்துகின்றது என்று மகிழ்ந்திருந்தவர்கள், அதே காலம் வட்டியாகத் திரும்பி வருவதை எண்ணவில்லை.

பின்னர் 2020ஆம் ஆண்டு செப்டெம்பரில், நிலுவையைப் பத்தாண்டுத் தவணையிற் செலுத்த நீதிமன்றம் இடமளித்தது. அப்போது வோடபோன் ஐடியாவின் பங்காகத் திணைக்களம் கணக்கிட்டது 58,254 கோடி ரூபா. 2021இல் அரசாங்கம் நான்காண்டு அவகாசமும் வழங்கிற்று. அவ்வாறு ஒத்திவைத்த இந்நிலுவையினதும் அலைக்கற்றைக் கட்டணத்தினதும் வட்டிக்கு ஈடாக, 2023இல் 16,133 கோடி ரூபாவைப் பங்கொன்று 10 ரூபா வீதம் பங்குகளாக மாற்றி, அரசாங்கம் அக்கம்பனியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு உரித்தாளியாயிற்று. சிறு பங்குதாரரின் பங்குகள் எண்ணிக்கையிற் குறையவில்லை. ஆனால் கம்பனியில் அவருக்கிருந்த உரிமை அந்த அளவுக்குச் சுருங்கிற்று. வழக்குக் குறிப்பு ஒன்று சாதாரணப் பங்குதாரரின் கைவரை வந்து சேரும் வழி இதுவேயாம்.

ஒரு மாதிரிக் குறிப்பு

இனி, இத்தகைய குறிப்பை நாமே படித்துச் சுருக்கிப் பார்ப்போம். இதற்கென நாம் ஒரு கற்பனைக் கம்பனியை எடுத்துக்கொள்கின்றோம். அதன் குழும உரிமையாண்மை 2,400 மில்லியன் ரூபா. பங்குகள் 120 மில்லியன். ஆண்டு இலாபம் 300 மில்லியன். எனவே பங்கொன்றுக்கு உரிமையாண்மை 20 ரூபா, இலாபம் 2 ரூபா 50 சதம். குறிப்பிலே நான்கு விடயங்கள் உள்ளன.

ஒன்று: பெறுமதி சேர் வரியாக 180 மில்லியன் ரூபாவை உள்நாட்டு இறைவரித் திணைக்களம் மதிப்பிட்டுள்ளது. வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு கம்பனிக்கெதிராக முடிவு செய்தது. கம்பனி மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடியுள்ளது. மேன்முறையீட்டின் பொருட்டு 45 மில்லியன் வைப்பிலிடப்பட்டுள்ளது. பொறுப்பு எதுவும் எழாதெனப் பணிப்பாளர்கள் கருதுவதால் ஏற்பாடு செய்யப்படவில்லை.

இரண்டு: முன்னாள் ஊழியர் சிலர் தொழில் நியாய சபையிற் கோரும் தொகை மொத்தம் 11 மில்லியன், அதற்கு 4 மில்லியன் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.

மூன்று: ஒப்பந்தத்தை மீறியதாகக் கூறி, பொருள் வழங்குநர் ஒருவர் வர்த்தக மேல் நீதிமன்றத்தில் 350 மில்லியன் நட்டஈடு கோரியுள்ளார். விசாரணை இன்னுந் தொடங்கவில்லை. கம்பனி 120 மில்லியனுக்கு எதிர்க்கோரிக்கை விடுத்துள்ளது.

நான்கு: துணைக் கம்பனியொன்று வங்கியிற் பெற்ற 600 மில்லியன் கடனுக்குத் தாய்க் கம்பனி உத்தரவாதங் கொடுத்துள்ளது.

அவசரப்படுபவர் இந்நான்கையுங் கூட்டி 1,141 மில்லியன் என்று கண்டு, உரிமையாண்மையிற் பாதியே போய்விடுமென்று அஞ்சுவர். அலட்சியமுடையவர் ‘ஏற்பாடு செய்யப்படவில்லை’ என்ற தொடரைக் கண்டு பக்கத்தைத் திருப்புவர். இருவரும் குறிப்பைப் படித்தவரல்லர். ஒவ்வொன்றையுந் தனித்தனியே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

உத்தரவாதத்தை முதலில் எடுப்போம். தொகை பெரிதாகையால் கண்ணை உறுத்துவது அதுவே. நாம் ஒப்பிடுவது குழுமத்தின் உரிமையாண்மையோடு. குழும ஐந்தொகையில் துணைக் கம்பனியின் வங்கிக் கடனும் கடனாகவே ஏறியிருக்கும். ஆகவே இந்த 600 மில்லியனை மீண்டும் எண்ணுதல் ஒரே கடனை இருமுறை எண்ணுவதாகும். தாய்க் கம்பனியின் தனிக் கணக்கைப் பார்ப்பவர்க்கே இது புதிய செய்தி. ஆனால் உத்தரவாதம் பெற்றவர் துணைக் கம்பனியாக இல்லாமல், கூட்டு முயற்சியொன்றாகவோ பணிப்பாளரின் வேறு நிறுவனமாகவோ இருப்பின் கதை வேறு. அக்கடன் எந்த ஐந்தொகைப் பக்கத்திலும் ஏறியிராது; முழுத் தொகையையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

ஊழியர் வழக்கில் 11 மில்லியனில் 4 மில்லியன் ஏற்கனவே நட்டமாக எழுதப்பட்டுவிட்டது. எஞ்சிய ஏழு மில்லியனும் போயினும் பங்கொன்றுக்கு ஆறு சதத்துக்கு மேற்படாது. இதனை ஒரு வரியில் முடித்துவிடலாம்.

வழங்குநரின் வழக்கிலே 350 மில்லியன் என்பது வழக்காளி கேட்ட தொகை. நீதிமன்றம் கொடுத்த தொகையன்று. கேட்கும் தொகைக்கு வழக்காளியின் துணிவே வரம்பு. விசாரணை தொடங்காத கட்டத்தில் அதனை நட்டமெனக் கொள்வதும், பூச்சியமெனக் கொள்வதும் ஒருசேரத் தவறு. ‘கேட்ட தொகை, முதற் கட்டம்’ என்று குறித்துக் காத்திருத்தலே முறை. மற்றொன்று: எதிர்க்கோரிக்கையான 120 மில்லியனை இதிற் கழித்து 230 மில்லியன் என்று எழுதலாகாது. வரக்கூடிய பணத்தை, அதன் வரவு ஏறத்தாழ உறுதியாகும்வரை கணக்கில் ஏற்ற நியமம் இடமளிப்பதில்லை. செலவுக்கு ஒரு நியாயம், வரவுக்கு அதனினுங் கடுமையான நியாயம் என்பதே அங்குள்ள ஒழுங்கு.

எஞ்சுவது வரி வழக்கு. இதுவே இக்குறிப்பின் உயிர்நிலை. இங்கே தொகை ஒருவர் கேட்பதன்று, சட்டப்படி மதிப்பிடப்பட்டது. ஒரு கட்டத்திற் கம்பனி தோற்றும்விட்டது. அன்றியும் 180 மில்லியன் என்பது வரி மாத்திரம். தண்டத்தைப்பற்றிக் குறிப்பு மௌனமாக உள்ளது. இந்தியக் கம்பனிகளின் கணக்கை இங்கே நினைவுகூர்தல் தகும். தண்டமும் வரியளவுக்கே வளருமென ஒரு கடுமையான ஊகத்தைக் கொண்டால் மொத்தம் 360 மில்லியன். பங்கொன்றுக்கு மூன்று ரூபா. ஓராண்டு இலாபத்திலுங் கூடியது. உரிமையாண்மையில் நூற்றுக்குப் பதினைந்து. கம்பனியை வீழ்த்தாது, ஆயின் ஓராண்டுப் பங்கிலாபத்தை நிறுத்தவல்லது.

வைப்பிலிட்ட 45 மில்லியன் எங்கே? அது ‘பெறவேண்டியவை’ என்ற சொத்துத் தலைப்பினுள் அமைதியாக வீற்றிருக்கும். வழக்குத் தோற்றால் அச்சொத்து மறைந்துவிடும். ஆகவே புதிதாகக் கையிலிருந்து செல்லும் காசு 315 மில்லியன். இலாபத்திற் கழியும் நட்டமோ முழு 360 மில்லியன். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளாதிருத்தல் வேண்டும்.

சென்ற ஆண்டின் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

தொகைகளை நிறுத்தபின், சென்ற ஆண்டறிக்கையில் இதே குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்து, சொல்லுக்குச் சொல் ஒப்பிடுதல் வேண்டும். ஓர் ஆண்டறிக்கை சொல்லாததை இரண்டு அறிக்கைகளுக்கிடையிலுள்ள வேறுபாடு சொல்லிவிடும்.

நமது மாதிரிக் கம்பனியின் சென்ற ஆண்டுக் குறிப்பில், ‘சட்டத்தரணிகளின் ஆலோசனையின்படி, பொறுப்பு எதுவும் எழாதெனப் பணிப்பாளர்கள் நம்புகின்றனர்’ என்றிருந்ததாகக் கொள்வோம். இவ்வாண்டில் சட்டத்தரணிகளைக் காணோம். பணிப்பாளர்களின் கருத்து மாத்திரம் நிற்கின்றது. இது தற்செயலான எழுத்துக் குறைவாகவும் இருக்கலாம். ஆணைக்குழுவின் முடிவுக்குப்பின் சட்டத்தரணிகள் முன்போல் உறுதி கூற மறுத்ததாகவும் இருக்கலாம். எதுவென்று குறிப்பு சொல்லாது. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி அங்கே பிறந்துவிட்டது.

அவ்வாறே, சென்ற ஆண்டில் 25 மில்லியன் ரூபாவுக்கான சுங்க வழக்கொன்று இருந்து, இவ்வாண்டில் அதன் சுவடே இல்லையெனின், அது எங்கே போயிற்று என்று தேடுதல் வேண்டும். வென்றிருந்தால் கம்பனி பெரும்பாலும் சொல்லிக்கொள்ளும். பணங்கட்டி முடித்திருந்தால் செலவினங்களிலோ ஏற்பாடுகளின் அசைவுக் குறிப்பிலோ அதன் அடையாளம் இருக்கும். மூன்றாம் பெட்டிக்குத் தள்ளப்பட்டிருந்தால் எங்கும் இராது.

இன்னும் இரண்டு இடங்களையும் பார்த்தல் நன்று. ‘அறிக்கைத் திகதிக்குப் பிந்திய நிகழ்வுகள்’ என்ற குறிப்பு ஒன்று. புதிய வழக்கோ தீர்ப்போ அங்கே ஒளிந்திருக்கும். கணக்காய்வாளரின் அறிக்கையில் ‘முக்கிய கணக்காய்வு விடயங்கள்’ என்ற பகுதி மற்றொன்று; எவ்வழக்கு அவரது கவனத்தை மிகுதியாக ஈர்த்ததென்று அது சுட்டும். அவர் வரி வழக்கைத் தனியே எடுத்துப் பேசியிருப்பின், நமது நிறுவையும் அவரது நிறுவையும் ஒத்துள்ளன என்று கொள்ளலாம்.

சுருக்கம் எழுதும் முறை

இவ்வளவையும் பார்த்தபின் எழுதும் சுருக்கம் ஒரு தபாலட்டைக்கு மேற்படலாகாது. எதிராளி யார், வழக்கு எதைப்பற்றியது, எந்தக் கட்டத்தில் நிற்கின்றது, தோற்றால் எவ்வளவு, அதில் ஏற்கனவே கழித்தது எவ்வளவு என்ற ஐந்துக்கும் அதில் விடை இருத்தல் வேண்டும். நமது மாதிரிக் கம்பனிக்கு அது பின்வருமாறு அமையும்:

‘பெரிய ஆபத்து ஒன்றே: பெறுமதி சேர் வரி வழக்கு. ஆணைக்குழுவில் தோல்வி, மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நிலுவை. வரி 180 மில்லியன், தண்டந் தெரியவில்லை. கடுமையான ஊகத்தில் 360 மில்லியன், அதாவது பங்கொன்றுக்கு 3 ரூபா. ஏற்பாடு இல்லை, 45 மில்லியன் வைப்பு உண்டு. இவ்வாண்டு சட்டத்தரணிகளின் ஆலோசனை குறிப்பிடப்படவில்லை. வழங்குநர் வழக்கு: கேட்பது 350 மில்லியன், விசாரணை தொடங்கவில்லை; ஏற்பாடு இல்லை; அடுத்த ஆண்டு பார்க்க. ஊழியர் வழக்கு: சிறிது, ஒரு பகுதி கழிக்கப்பட்டுள்ளது. துணைக் கம்பனி உத்தரவாதம்: குழுமக் கடனில் ஏற்கனவே உள்ளது. கேட்க வேண்டியவை: தண்டம் எவ்வளவு? சட்டத்தரணிகளின் இன்றைய கருத்து யாது? சுங்க வழக்கு என்னாயிற்று?’

கடைசி மூன்று கேள்விகளும் வீண்போகத் தேவையில்லை. ஒரேயொரு பங்குடையவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து அவற்றைக் கேட்கலாம். கூட்டத்துக்கு முன் கம்பனியின் செயலாளருக்கு எழுத்திலும் அனுப்பலாம். விடை தெளிவாக வரின் நன்று. ‘வழக்கு நீதிமன்றத்தில் உள்ளது, பேச இயலாது’ என்று மாத்திரம் வரின், அதனையும் தபாலட்டையின் ஓரத்திற் குறித்து வைத்தல் வேண்டும்.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. விபரத்தை வெளியிடுவது வழக்கிற் கம்பனியின் நிலையைப் பெரிதும் பாதிக்குமெனின், மிக அரிதாக, அதனை வெளியிடாதிருக்க நியமமே இடமளிக்கின்றது. அப்போதும் பிணக்கின் பொதுத் தன்மையையும், விபரம் மறைக்கப்பட்டதற்குரிய காரணத்தையும் சொல்லவேண்டும். இன்னும் எவரும் தொடுக்காத வழக்கு குறிப்பில் இடம்பெறாமற் போதல் கூடும். மிகச் சிறிய வாய்ப்பெனத் தள்ளப்பட்டது பின்னர் பெரும் வழக்காகவும் வளரலாம். நமது 360 மில்லியனும் ஓர் ஊகமேயன்றித் தீர்ப்பன்று.

எனவே இச்சுருக்கம் பங்கை வாங்கு என்றோ விற்றுவிடு என்றோ கட்டளையிடாது. அது சொல்வது ஒன்றே: இப்பங்கை வைத்திருப்பதற்கு நாம் தாங்கவேண்டிய சுமை இவ்வளவாக இருக்கக்கூடும் என்பது. பங்கொன்றுக்கு மூன்று ரூபா இழப்பைத் தாங்க வல்ல குடும்பம் அதை அறிந்தே வைத்திருக்கலாம். அதே பணத்தை வருகிற ஆவணியில் நடக்கவிருக்கும் திருமணத்திற்கென ஒதுக்கிய குடும்பம், நீதிமன்றத்தின் தவணைத் திகதியை நம்பித் தன் தவணையை வைத்துக்கொள்ளலாமா என்பதை ஆண்டறிக்கை வந்த அன்றே ஆலோசித்துக்கொள்வது நலம்.